சேனைக்கிழங்கு காறிய அன்றைக்கு எனக்கு ஆன செலவும், புளி செய்கிற வேலையும்

சேனைக்கிழங்கைப் பச்சையாகக் கடித்தால் தொண்டை காறும் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, மிளகாய்த்தூள் மணக்க மணக்கத் தட்டில் எடுத்து வைத்த துண்டும் அதே மாதிரி காறும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். பக்கத்து அலுவலகங்களில் இருந்து தினமும் இருபது, இருபத்தைந்து டப்பா போகும். சேனை வறுவல் என்றால் தனியாகக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. வருடக்கணக்காக ஒரே முறையில்தான் செய்து வந்தேன். அரை அங்குல கனத்தில் துண்டு போட்டு, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, மசாலா தடவி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க விடுவேன். ஒரு தடவைகூட யாரும் குறை சொன்னதில்லை. அதனால் இந்தக் கிழங்கு காறும் என்பது ஏதோ பழைய காலத்துப் பேச்சு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்த வாரம். சந்தையில் சேனை மலை மாதிரி குவிந்து கிடந்தது, விலையும் இறங்கியிருந்தது. வழக்கமாக வாங்குகிற கடையில் கிழங்கு முடிந்துவிட்டதால் பக்கத்துக் கடைக்குப் போனேன். "காறாதுக்கா, நம்பி வாங்குங்க, நாட்டுக் கிழங்கு" என்று அந்தத் தம்பி சொன்னார். கிழங்கைச் சுற்றிலும் சின்னச் சின்ன முண்டுகள் இருந்தன. வெட்டினபோது சதை நான் பார்த்துப் பழகின இளமஞ்சளாக இல்லாமல் நன்றாகச் சிவந்து இருந்தது. கிழங்கு புதிது, அதனால்தான் நிறம் தூக்கலாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். தோல் சீவும்போதே முன்கை நமைத்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன், நமைச்சல் மணிக்கட்டுக்கு மேலேயும் ஏறியதே தவிரக் குறையவில்லை.

வீட்டுக்காரர் வெளியூரில், பிள்ளை பள்ளியில், நான் மட்டும் வீட்டில். பதினொரு மணி வாக்கில் முதல் ஈடு எடுத்து, உப்பு பார்க்க ஒரு துண்டைத் தின்றேன். வாயில் போட்டதும் ருசிதான் தெரிந்தது. முழுங்கி, அடுத்த ஈட்டைத் திருப்பிப் போடும்போது நாக்கின் இரண்டு ஓரமும் சுருக்கென்றது. பச்சை மிளகாய் கடித்த மாதிரி எரிச்சல் இல்லை அது. எரிச்சல் என்றால் தண்ணீர் குடித்தால் கொஞ்சமாவது அடங்கும். இது ஒவ்வொரு தடவை எச்சில் முழுங்கும்போதும் புதிதாகக் குத்தியது. அடித்தொண்டையில் நமநமவென்று ஆரம்பித்து, காதுக்குள்ளே சொறிய வேண்டும் போல ஆகிவிட்டது. செருமினால் இன்னும் கூடியது. சர்க்கரை போட்டேன், தேன் நக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. குளிர்ந்த தயிரை வாயில் வைத்து மெதுவாக இறக்கினபோது கொஞ்ச நேரம் தேவலை. பிறகு குரல் கரகரத்தது. அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. ஏதோ அலர்ஜி, தொண்டை அடைத்துக்கொள்ளப் போகிறது, பக்கத்தில் ஆள் இல்லை என்று கை நடுங்கிவிட்டது.

அடுப்பை அணைத்துவிட்டு, அன்றைக்குச் சாப்பாடு இல்லை என்று எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, ஆட்டோ பிடித்து ஒரு மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். நாக்கோ உள்நாக்கோ வீங்கவில்லை, சிவந்து மட்டும் இருக்கிறது, மூச்சு நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒரு ஊசி போட்டு மாத்திரை எழுதினார். கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி அடங்கியது. மறுநாள் காலையில் தொண்டையில் ஒரு வறட்சி மட்டும் மிச்சம். கணக்கு பார்த்தால், 22 டப்பாவுக்கு முன்பணமாக வாங்கியிருந்த 1,980 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். மருத்துவருக்கு 600, மருந்துக்கு 340, ஆட்டோவுக்கு 160. ஆக 3,080 ரூபாய். கொட்டின சோறு, குழம்பு, எண்ணெய் எல்லாம் இதில் சேராது. பணத்தைவிட, ஒருவேளை அந்த வறுவல் டப்பாவில் ஏறி இருபத்திரண்டு பேர் அலுவலகத்தில் உட்கார்ந்து தொண்டையைச் சொறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் நிதானமாக இருந்திருப்பேன். சேனை காறினால் வாய், நாக்கு, தொண்டை என்று கிழங்கு பட்ட இடம் குத்தும், நமைக்கும், சிவக்கும். சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், சில மணி நேரத்தில் தானாக இறங்கும். வாயில் மிச்சம் இருப்பதைத் துப்பிவிட்டுக் கொப்பளித்து, குளிர்ந்த பால், தயிர் என்று ஏதாவது ஒன்றை மெதுவாக முழுங்கிக்கொண்டிருந்தாலே பெரும்பாலும் போதும். ஆனால் நாக்கோ உதடோ கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வீங்குவது, எச்சில் முழுங்க முடியாமல் வழிவது, மூச்சு இழுப்பது, பேச்சு குழறுவது, உடம்பில் தடிப்பு தடிப்பாகக் கிளம்புவது, இதில் எது வந்தாலும் தயிரை நம்பி உட்காரக்கூடாது, உடனே மருத்துவமனைதான். குழந்தை தின்றிருந்தால் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும், அதற்கு எங்கே எப்படி வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. கையில் பட்ட கிழங்குச் சாறோடு கண்ணைத் தேய்க்காமல் இருப்பதும் முக்கியம்.

அன்று இரவு அம்பாசமுத்திரத்தில் இருக்கிற அத்தைக்குப் போன் போட்டேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "புளி போட்டியாம்மா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். வறுவலுக்கு யாராவது புளி போடுவார்களா என்றேன். "வேக வைக்கிற தண்ணில போடணும். மிச்சக் கெழங்க தூரப் போட்டுராத, நாளைக்கு புளிக்கொழம்பு வையி" என்றார். திருநெல்வேலிப் பக்கம் பொங்கல் கிழங்குகளில் சேனைக்கு முக்கியமான இடம். ஆகவே அத்தையின் பேச்சை நம்பினேன். மறுநாள் அதே கிழங்கின் மறுபாதியைப் புளிக்குழம்பு வைத்து, ஓரமாக ஒரு கடி கடித்து, பயந்துகொண்டே காத்திருந்தேன். காறவில்லை. இன்னொரு துண்டு. ஒன்றும் இல்லை. முதல் நாள் என்னை ஆட்டோ ஏற வைத்த அதே கிழங்கு அது! அப்புறம்தான் இது என்ன சங்கதி என்று படிக்க ஆரம்பித்தேன்.

சேனையின் சதைக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக விளைந்திருக்கிறது. இரண்டு முனையும் கூரான இந்த ஊசிகள் கட்டுக்கட்டாகத் தனித்தனி அறைகளில் அடைந்து கிடக்கும். பச்சைக் கிழங்கை மெல்லும்போது அந்த அறைகள் உடைந்து ஊசிகள் வெளியே பாய்ந்து, நாக்கிலும் தொண்டையிலும் இருக்கிற மெல்லிய தோலில் குத்தி நிற்கின்றன. தண்ணீர் குடித்தும் எனக்கு அடங்காததற்குக் காரணம் இதுதான். குத்தி நிற்கிற ஊசியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகாது, அந்த உப்பு தண்ணீரில் கரையவும் கரையாது. சேப்பங்கிழங்கு, வீட்டில் அழகுக்கு வைக்கிற டிஃபன்பாக்கியா செடி எல்லாம் இதே குடும்பம், அவற்றிலும் இதே ஊசிகள்தான். ஆனால் ஊசி மட்டும் முழுக் காரணம் இல்லை. ஊசியின் மேலும் கிழங்குச் சாற்றிலும் எரிச்சல் மூட்டுகிற புரதங்கள் இருக்கின்றன. ஊசி ஓட்டை போட்டுக் கொடுக்கிறது, அந்த ஓட்டை வழியாகப் புரதம் உள்ளே போய் நமைச்சலைக் கிளப்புகிறது. சேப்பங்கிழங்கில் ஊசிகளைத் தனியே பிரித்து, புரதத்தை நீக்கிப் பார்த்தவர்கள் காறல் வெகுவாகக் குறைவதைக் கண்டிருக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு சமையல் என்ன செய்கிறது என்பது புரிந்தது. நம் அடுப்புச் சூட்டில் அந்த ஊசி அழியாது. நன்றாக வெந்த சேனையிலும் ஊசி இருக்கத்தான் செய்யும். ஆனால் சூட்டில் புரதம் தன் உருவம் கெட்டு வேலை செய்யாமல் போகிறது. மாவுச்சத்து வெந்து கொழகொழப்பாகி ஊசிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே சூடு துண்டின் நடுவரைக்கும் போய்ச் சேர வேண்டும். என் வறுவலில் நடந்தது என்னவென்றால், ஐந்து நிமிடக் கொதிநீரில் மேல்பக்கம் மட்டும் வெந்து, தோசைக்கல்லில் மேல்பக்கம் மட்டும் சிவந்து, நடுவில் ஒரு கோடு பச்சையாகவே இருந்திருக்கிறது. மிச்சமிருந்த வறுவலைப் பிட்டுப் பார்த்தபோது அந்தக் கோடு வெளுத்து, கத்தியில் வழவழப்பாக ஒட்டியது தெளிவாகத் தெரிந்தது. இத்தனை வருடம் அதே முறை கைகொடுத்ததற்குக் காரணம் என் கைப்பக்குவம் இல்லை, கிழங்கு.

சரி, புளி எங்கே வருகிறது? புளி அந்த உப்பைக் கரைத்துவிடுகிறது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது அரைகுறை உண்மை. கால்சியம் ஆக்சலேட் நன்றாகக் கரைய வேண்டுமானால் ஆய்வுக்கூடத்தில் இருக்கிற வலுவான அமிலம் வேண்டும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அந்த அளவு வலுவானது இல்லை. வெறும் தண்ணீரைவிடப் புளித்தண்ணீரில் கொஞ்சம் கூடுதலாகக் கரையும், அவ்வளவுதான். புளியின் பெரிய வேலை புரதத்தின் மேல்தான் என்பது என் புரிதல். கொதிக்கிற பாலில் எலுமிச்சை பிழிந்தால் பால் உடனே திரிகிற மாதிரி, சூடும் புளிப்பும் சேர்ந்தால் கிழங்கின் புரதம் சீக்கிரம் கெட்டுப்போகிறது. சூடு மட்டும் தனியாகச் செய்கிற வேலையை இரண்டும் சேர்ந்து முடிக்கின்றன. இன்னொன்றும் உண்டு. புளிப்பு பட்டதும் வாயில் எச்சில் ஊறும். மிச்சம் மீதி இருக்கிற காறலையும் எச்சில் நீர்க்கச் செய்து, வழுக்கிக்கொண்டு உள்ளே இறக்கிவிடும். தொண்டை காறினால் ஒரு துளி புளியை வாயில் அடக்கிக்கொள் என்று பெரியவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அன்றைக்கு நானும் அடக்கிப் பார்த்திருக்கலாம், அந்தப் பதற்றத்தில் புளிப்பானை கண்ணில் படவில்லை.

புளிதான் என்று இல்லை, புளிப்பு எதுவானாலும் ஓரளவு இதைச் செய்யும். கேரளத்துக் காளனில் சேனையும் வாழைக்காயும் புளித்த தயிரில்தான் கிடக்கும். அதே கேரளத்தில் எரிசேரிக்குப் புளிப்பே கிடையாது, அதுவும் காறுவதில்லை. காரணம், எரிசேரியில் கிழங்கு குழைய வெந்திருக்கும். ஆகவே புளி இல்லாவிட்டால் சேனை சமைக்கவே முடியாது என்று நினைக்க வேண்டாம். முழுக்க வேக வைப்பதுதான் முதல் பாதுகாப்பு, புளி அதற்குத் துணை.

இதைச் சும்மா நம்பாமல், அந்தக் கிழங்கின் கடைசித் துண்டத்தை வைத்து வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். விரல் கணு அளவுக்குச் சதுரத் துண்டுகளாக நறுக்கி மூன்று பாத்திரத்தில் பிரித்துக்கொண்டேன். ஒன்றில் உப்பும் மஞ்சளும் போட்ட வெறும் தண்ணீர். இரண்டாவதில் அதோடு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்த தண்ணீர். மூன்றாவதை முதலில் வெறும் தண்ணீரில் முக்கால் பதம் வேக வைத்து, அப்புறம் புளித்தண்ணீர் சேர்த்தேன். பத்து நிமிடத்தில் மூன்றிலிருந்தும் ஒவ்வொரு துண்டு எடுத்து, முழுங்காமல், நாக்கின் நுனியில் ஒரு நகக்கண் அளவு வைத்துப் பார்த்தேன். வெறும் தண்ணீரில் வெந்தது லேசாக நமைத்தது. புளித்தண்ணீரில் ஆரம்பத்திலிருந்தே கிடந்தது இன்னும் கடுக்கென்று இருந்தது, நடுவில் வெளுப்புக் கோடு மாறவில்லை, அதுவும் நமைத்தது! புளி போட்டும் காறுகிறதே என்று எனக்குக் குழப்பம்.

யோசித்துப் பார்த்தால் சாம்பார் வைக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. காய் வேகும் முன் புளியை ஊற்றினால் காய் சீக்கிரத்தில் வேகாது. புளிப்பு, காயின் நார்ப்பிடிப்பை இறுகவே வைத்திருக்கும். சேனைக்கும் அதே கதி. புளியை முதலிலேயே ஊற்றிவிட்டு வழக்கமான நேரத்தில் அடுப்பை அணைத்தால், வெளியே மட்டும் பதமாகி உள்ளே பச்சை நின்றுவிடும். புளி போட்டேன், ஆனாலும் காறியது என்று சொல்கிறவர்கள் பலருக்கும் இதுதான் நடந்திருக்கும். மூன்றாவது பாத்திரத்துத் துண்டு, வெந்த பிறகு புளித்தண்ணீரில் இன்னும் ஏழெட்டு நிமிடம் கொதித்தது, நாக்கில் ஒன்றுமே தெரியவில்லை. முதல் பாத்திரத்தையும் அதே அளவு நேரம் கூடுதலாகக் கொதிக்கவிட்டு வடித்துப் பார்த்தேன். நமைச்சல் போய், அடித்தொண்டையில் சந்தேகம் மாதிரி ஒரு உறுத்தல் மட்டும் நின்றது. இரண்டாவதைப் பொறுமையாகக் கூடுதல் நேரம் விட்டபோது அதுவும் வெந்து சரியாகிவிட்டது, எரிவாயுதான் வீண்.

அதனால் இப்போது என் முறை இதுதான். முதல் விஷயம், கிழங்கைக் கழுவாமல் மண்ணைத் துணியால் தட்டிவிட்டு, கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, காய்ந்த கையோடு தோல் சீவுவது. தோலைக் கஞ்சத்தனமாகச் சீவாமல் சற்றுத் தடிமனாகவே எடுத்துவிடுகிறேன். ஈரக் கையோடு சீவினால் சாறு பரவி முழங்கை வரை நமைக்கும். நமைத்துவிட்டால் சோப்பை எடுக்காமல், புளியும் கல்லுப்பும் சேர்த்துத் தேய்த்துவிட்டுக் கழுவினால் தேவலை. நறுக்கின பிறகு இரண்டு மூன்று தண்ணீரில் அலசுகிறேன். அரிசி களைந்த கழுநீர் இருந்தால் அதில் கொஞ்ச நேரம் ஊறப் போடுவேன், அத்தை வீட்டுப் பழக்கம். அது ஊசியை எடுத்துவிடாது, வெட்டுப்பட்ட பக்கங்களில் கசிந்திருக்கிற சாறு போய்விடும்.

அரை கிலோ துண்டுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு துண்டுகளைப் போட்டு, கத்தி நுனி நடுவரைக்கும் தடையில்லாமல் இறங்குகிறவரை விடுவேன். கிழங்கைப் பொறுத்து பன்னிரண்டு முதல் இருபது நிமிடம் ஆகும், கடிகாரத்தை நம்புவதைவிடக் கத்தியை நம்பலாம். அப்போது நெல்லிக்காய் அளவு புளியின் கரைசலை ஊற்றி இன்னும் ஏழெட்டு நிமிடம் கொதிக்கவிட்டு, தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டிவிடுவேன். ஒரு துண்டை இரண்டாகப் பிட்டால் ஓரத்திலும் நடுவிலும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். பிறகு நாக்கு நுனியில் கொஞ்சம் வைத்து, இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து பார்ப்பது. காறல் உடனே தெரியாது, எனக்கே முழுங்கின பிறகுதானே தெரிந்தது. வறுவல் போட வேண்டுமானால் வடித்த துண்டுகளை ஆறவிட்டு மசாலா தடவி எடுக்கலாம். கொஞ்சம் புளிப்பு ஏறியிருக்கும், அது வறுவலுக்கு நன்றாகவே இருக்கிறது. குழம்பு என்றால் வடித்த கிழங்கைப் புதுப் புளிக்கரைசலில் போடுகிறேன். மசியல் மாதிரி குழைய வேண்டியதற்குப் புளியை ரொம்பக் குறைத்து, குக்கரில் வைத்துக்கொள்வேன். சிப்ஸ் மாதிரி தாள் கனத்தில் சீவி மொறுமொறுவென்று பொரித்தால் சூடு முழுக்க ஏறிவிடும், அதனால் காறல் பெரும்பாலும் இருக்காது. அரை அங்குலத் துண்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

வாங்கும்போதும் இப்போது நான் கொஞ்சம் பேசித்தான் வாங்குகிறேன். ஆந்திராவில் கொவ்வூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த கஜேந்திரா, திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீ பத்மா மாதிரியான ரகங்கள் காறல் குறைவு என்றே தேர்ந்தெடுத்துப் பரப்பப்பட்டவை. இன்றைக்குச் சந்தைக்கு வருவதில் பெரும்பாலும் கஜேந்திராதான் என்று வழக்கமாக வாங்குகிற கடைக்காரர் சொன்னார். நான் வருடக்கணக்காகத் தப்பித்தது அதனால்தான். கஜேந்திராவில் பக்க முண்டுகள் வருவதில்லை, மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும். முண்டு முண்டாக இருக்கிற நாட்டு ரகங்களில் காறல் தூக்கலாக இருக்க வாய்ப்பு அதிகம். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நன்றாகச் சிவந்த சதை காறாமலும் இருக்கலாம். ஆனால் முண்டும் இருந்து, சீவும்போது கையும் நமைத்தால் அதைக் காறும் கிழங்கு என்றே வைத்துக்கொண்டு சமைக்கிறேன். அப்போதுதான் தோண்டின கிழங்கு அதிகம் காறும் என்று அத்தை வீட்டில் மண்ணோடு காற்றாடப் பரப்பி வைத்து, சில வாரம் கழித்துத்தான் எடுப்பார்கள். பொங்கல் சமயத்துக் கிழங்கு புதுசாக வரும், அப்போது கூடுதல் கவனம் நல்லது. சில ஊர்களில் சேனையையே கருணைக்கிழங்கு என்பார்கள், சில ஊர்களில் கருணை என்றால் கைப்பிடிக்குள் அடங்குகிற சின்னக் கிழங்கு. அந்தச் சின்னதைப் பெரும்பாலும் தோலோடு முழுசாக வேக வைத்து உரிப்பார்கள். அதற்கும் புளி உண்டு, ஆனால் வேகிற நேரம் வேறு.

மூலத்துக்கு நல்லது என்று சேனையைப் பச்சையாக அரைத்துச் சாறு குடிக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டேன். சித்த மருத்துவத்தில் கருணைக்கிழங்கு லேகியம் என்று இருப்பது உண்மைதான், அது கிழங்கைப் பக்குவப்படுத்திச் செய்கிற மருந்து. பச்சைச் சாறு அதுவல்ல. ஒரு வறுத்த துண்டின் நடுக்கோடு என்னை மருத்துவமனைக்கு அனுப்பியது என்றால், ஒரு டம்ளர் பச்சைச் சாறு தொண்டையை என்ன செய்யும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சிறுநீரகக் கல் இருக்கிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள், புளித்தண்ணீரில் வேக வைத்து வடித்துவிட்டால் நாங்கள் தின்னலாமா என்று. வடிக்கிற தண்ணீரோடு, கரைகிற வகை ஆக்சலேட் ஒரு பகுதி போய்விடும். ஊசியாக இருப்பது கிழங்கிலேயே தங்கும். காறல் போய்விட்டது என்பதால் ஆக்சலேட்டும் போய்விட்டது என்று ஆகாது. அப்படிக் கேட்கிறவர்களுக்கு, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, சேனை போடுகிற நாளில் அவர்கள் டப்பாவில் வாழைக்காய் வறுவல் வைத்துவிடுகிறேன்.